எட்டாம் பருவத்தில் பிரியும் வழி: பிள்ளைத்தமிழ் அமைப்பில் பாலினக் கட்டமைப்பும் சமூகமயமாக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

பால் என்பது உடல்சார்ந்த வேறுபாடு. பாலினம் என்பது அவ்வேறுபாட்டின்மீது சமூகம் கட்டியெழுப்பும் எதிர்பார்ப்புகளின் தொகுதி. இவ்வெதிர்பார்ப்புகளைக் குழந்தை பெரும்பாலும் அறிவுரையின் வழியாகக் கற்பதில்லை. விளையாட்டு, பாட்டு, அழைப்பு ஆகியவற்றின் வழியாகவே கற்கிறது. தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் பிள்ளைத்தமிழ் இக்கற்பித்தலைத் தன் யாப்பமைதிக்குள்ளேயே வைத்துள்ளது. பத்துப் பருவங்களுள் முதல் ஏழு பருவங்கள் ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவானவை. இறுதி மூன்று பருவங்கள் மட்டும் இருபாலுக்கும் வெவ்வேறாக வகுக்கப்பட்டுள்ளன. இப்பிரிவு எவ்வகைப் பாத்திரங்களைக் குழந்தைக்கு வரையறுக்கிறது என்பதைக் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ், முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் ஆகிய இரு நூல்களை முதன்மைச் சான்றாகக் கொண்டும், பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இடம்பெறும் தடாதகையின் வளர்ப்போடு ஒப்பிட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாலினக் கட்டமைப்பு, சமூகமயமாக்கல், பிள்ளைத்தமிழ், சிற்றில், அம்மானை, தடாதகை.

முன்னுரை

தொல்காப்பியக் கிளவியாக்கம், பொருளால் உயர்திணையாக இருந்தும் சொல்லால் அஃறிணை முடிபு கொள்ளும் பெயர்களைத் தொகுத்துக் கூறுமிடத்தில் மகவு, குழவி ஆகிய இரண்டையும் சேர்த்துள்ளது. குழவி அழுதது என்றே தமிழ் கூறும். அழுதான் என்றோ அழுதாள் என்றோ கூறவேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளை என்னும் சொல்லும் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே சுட்டவல்லது. ஆக, குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில் பாலைக் குறிக்காமல் பேசுவதற்கு மொழியே இடம் தந்துள்ளது. அவ்விடம் எப்போது, எதனால் மூடப்படுகிறது என்ற வினாவுக்கு விடை தேடும்போது, பிள்ளையைப் பாடுவதற்கென்றே தோன்றிய இலக்கிய வகையை நோக்குவது பொருத்தமுடையதாகிறது.

குழவியைப் பாடுதல் குறித்துத் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிப்புத் தருகிறது. பெரியாழ்வார் திருமொழி கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் படிப்படியாகப் பாடி இவ்வகைக்கு முன்னோடியாக அமைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ், இவ்வகையில் தனி நூலாகக் கிடைக்கும் முதல் படைப்பாகக் கருதப்படுகிறது. அதன்பின் கடவுளர், அரசர், அடியார், புலவர், தலைவர் எனப் பலர்மீதும் பிள்ளைத்தமிழ் பாடப்பட்டுள்ளது. இவ்வகை குறித்த ஆய்வுகள் பக்தியுணர்வு, தாய்மை, கற்பனை நயம் ஆகியவற்றைப் பெரிதும் பேசியுள்ளன. பருவப் பகுப்பில் உள்ள பாலினப் பிரிவு, இலக்கண விதியாகச் சுட்டப்படும் அளவுக்குக் கருத்தியலாக ஆராயப்படவில்லை. விதி என்று ஏற்றுக்கொண்டவுடன் அது ஏன் அவ்வாறு உள்ளது என்ற வினா எழாமல் போய்விடுகிறது.

பாலினமும் சமூகமயமாக்கலும்

பால், பாலினம் என்னும் இரு கருத்துகளைச் சமூகவியலில் பிரித்துக் காட்டியவர்களுள் ஆன் ஓக்லி குறிப்பிடத்தக்கவர். 1972இல் வெளிவந்த அவரது நூல், பாலினம் பண்பாட்டால் உருவாவது என்பதை விளக்கியது. 1987இல் கேண்டஸ் வெஸ்ட், டான் சிம்மர்மேன் ஆகியோர் எழுதிய கட்டுரை இதை மேலும் ஒருபடி நகர்த்தியது. பாலினம் ஒருவரிடம் இருக்கும் பண்பு என்பதைவிட, பிறர் முன்னிலையில் அவர் திரும்பத் திரும்பச் செய்யும் செயல் என்பதே அவர்களது நிலைப்பாடு. செயல் என்று கொண்டால் அதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குக் களம் வேண்டும். குழந்தைக்கு அக்களம் விளையாட்டு.

இந்தியச் சூழலில் இதனை விரிவாக ஆராய்ந்தவர் மானிடவியலாளர் லீலா துபே. தந்தைவழிச் சமூகத்தில் இந்துச் சிறுமிகள் எவ்வாறு பெண்களாக உருவாக்கப்படுகின்றனர் என்பது குறித்து 1988இல் அவர் எழுதிய கட்டுரை, சடங்கு, பழமொழி, தாலாட்டு, உணவுப் பங்கீடு, உட்காரும் முறை, நடக்கும் முறை போன்ற அன்றாடச் செய்திகளைச் சான்றுகளாகக் கொண்டது. பிறந்த வீட்டில் தன் இருப்பு தற்காலிகமானது என்பதைச் சிறுமி இவற்றின் வழியாக, எவரும் நேரடியாகச் சொல்லாமலேயே உணர்ந்துகொள்கிறாள் என்பது அவர் காட்டும் முக்கியமான முடிவு. பிள்ளைத்தமிழை வாசிக்க இப்பார்வை துணைசெய்கிறது. பிள்ளைத்தமிழில் பெண் இப்படி இருக்கவேண்டும் என்ற அறவுரை ஏதும் இல்லை. குழந்தையை அழைத்து, இன்னது செய் என்று கொஞ்சும் குரல் மட்டுமே உள்ளது. அக்கொஞ்சல் ஆணிடம் எதைக் கேட்கிறது, பெண்ணிடம் எதைக் கேட்கிறது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

ஏழு பருவங்களின் பொதுமை

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாற் பிள்ளைத்தமிழுக்கும் பொதுவானவை. இவற்றின் வரிசை குழந்தையின் உடல் வளர்ச்சியைப் பின்பற்றுகிறது. செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுகிறது. சப்பாணியில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. வருகையில் தளர்நடையிட்டுத் தாயை நோக்கி வருகிறது. உடல் செய்யக்கூடியதையே பாட்டு கேட்கிறது. இந்நிலையில் ஆண் உடலுக்கும் பெண் உடலுக்கும் செயலளவில் வேறுபாடு கூறப்படவில்லை. அடைமொழிகளிலும் உவமைகளிலும் வேறுபாடு உண்டு. ஆயினும் கேட்கப்படும் செயல் ஒன்றே.

இப்பொதுமையின் உச்சம் அம்புலிப் பருவம். வானத்து நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்கும் இப்பருவம் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிமுறைகளைக் கையாளுகிறது. நிலவும் குழந்தையும் ஒத்தவர் எனக் கூறி அழைப்பது சாமம். நிலவின் குறைகளைக் காட்டிக் குழந்தையின் உயர்வைச் சொல்வது பேதம். வந்தால் கிடைக்கும் நன்மைகளை எடுத்துக்கூறுவது தானம். வராவிட்டால் நேரும் கேட்டைச் சொல்லி அச்சுறுத்துவது தண்டம். இவை அரசன் பகைவரையும் அயலரையும் கையாளும் உபாயங்கள். பெண் குழந்தைக்கும் இந்நான்கும் குறையின்றி வழங்கப்படுகின்றன. மதுரை மீனாட்சிக்காக நிலவை அழைக்கும் செவிலியின் குரலும், புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிக்காக அழைக்கும் குரலும் அதிகாரத்தில் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவையல்ல. ஏழாம் பருவத்தின் முடிவில் இரு குழந்தைகளும் வானத்தை நோக்கி ஒரே உயரத்தில் நிற்கின்றன.

எட்டாம் பருவத்தில் ஏற்படும் பிரிவு

பாட்டியல் மரபில், மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் பருவங்களைப் பாடுதல் என்ற ஒரு கணக்கு உண்டு. பத்துப் பருவங்களுக்கும் அவ்வாறு பத்துத் திங்கள்கள் கிடைக்கின்றன. அக்கணக்கின்படி எட்டாம் பருவம் பதினேழாம் திங்களுக்குரியது. பருவங்களுக்கு ஆண்டுக்கணக்கில் அகவை கூறும் வழக்கும் உண்டு. எக்கணக்கைக் கொண்டாலும், உடலில் பால்சார்ந்த மாற்றம் எதுவும் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே பருவப் பெயர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. இப்பிரிவுக்கு உடல் காரணமாக இருக்க இயலாது என்பதற்கு இக்காலக்கணக்கே போதிய சான்று.

ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியன உரியவை. இவற்றின் வரிசை நூலுக்கு நூல் மாறுவதுண்டு. பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் ஆகியன உரியவை. நீராடலுக்கு மாற்றாகக் கழங்கைக் கொள்வதும் உண்டு. சிற்றில் இழைத்தல், சிறுசோறு ஆக்கல் ஆகியவற்றைப் பெண்பாற் பருவங்களாகச் சுட்டும் மரபும் காணப்படுகிறது.

இம்மூன்று மூன்று பருவங்களின் வினைச்சொற்களை ஒப்பிடுவது தெளிவு தரும். ஆண் குழந்தையிடம் மூன்று வெவ்வேறு வினைகள் சார்த்தப்படுகின்றன: சிதைத்தல், முழக்குதல், உருட்டுதல். மூன்றும் தனக்கு வெளியே உள்ள ஒரு பொருளின்மீது செயல்பட்டு அதன் நிலையை மாற்றும் வினைகள். வீடு சிதைகிறது, பறை ஒலிக்கிறது, தேர் நகர்கிறது. பெண் குழந்தைக்கோ மூன்று பருவங்களிலும் ஒரே வினைதான்: அம்மானை ஆடுதல், நீர் ஆடுதல், ஊசல் ஆடுதல். இவ்வினை விளையாட்டின் பெயரை ஏற்று நிற்கிறதேயன்றி, வெளியில் உள்ள ஒன்றை மாற்றுவதில்லை. காய்கள் மேலெழுந்து கைக்கே திரும்புகின்றன. ஊசல் முன்சென்று புறப்பட்ட இடத்துக்கே மீள்கிறது. மேலும், ஆடுதல் என்பது இரண்டாம் பருவமாகிய செங்கீரையில் தவழும் குழந்தைக்குரிய வினை. ஆண் குழந்தை அவ்வினையைக் கடந்து செல்கிறது. பெண் குழந்தை பத்தாம் பருவத்திலும் அவ்வினையிலேயே நிற்கிறது.

இடத்தின் அடிப்படையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். சிற்றில் கட்டப்படும் மணல்வெளியில் தொடங்கி, ஒலி எட்டும் தொலைவுவரை பறையின் வழியாகவும், தெரு நீளும் தொலைவுவரை தேரின் வழியாகவும் ஆண் குழந்தையின் எல்லை விரிகிறது. பறையும் தேரும் அரசனின் வெற்றிக்கும் உலாவுக்கும் உரிய பொருள்கள். சிறு என்னும் அடை சேர்ந்து அவை குழந்தையின் கைக்கு வருகின்றன. பின்னாளில் வகிக்கவிருக்கும் பொறுப்பின் சிறுவடிவம் விளையாட்டுப் பொருளாகிறது. பெண் குழந்தையின் விளையாட்டுப் பொருள்களில் இவ்வாறு பொதுவாழ்வின் சிறுவடிவம் எதுவும் இல்லை.

அம்மானையைத் தனியே குறிப்பிடவேண்டும். அம்மானை விளையாட்டு வெறும் கைத்திறன் அன்று. மகளிர் மூவர் பாடி ஆடும் அம்மானைப் பாடலில் ஒருத்தி ஒரு செய்தியைக் கூற, மற்றொருத்தி அதன்மீது வினா எழுப்ப, மூன்றாமவள் சிலேடையாக விடையளிப்பாள். சிலப்பதிகார வாழ்த்துக்காதையிலும் மகளிர் வினாவிடையாகப் பாடும் அம்மானை வரி உண்டு. வாதிடவும் வினவவும் இடமளித்த விளையாட்டு இது. பிள்ளைத்தமிழின் அம்மானைப் பருவத்தில் இச்சொல்லாட்டம் மறைந்து, காய்களை எறிந்து பிடிக்கும் கையின் அழகும் கண்ணின் ஓட்டமுமே பாடுபொருளாகின்றன. பாட்டுடைக் குழந்தை எப்பருவத்திலும் பேசுவதில்லை என்பது இவ்வகையின் பொது இயல்பு. ஆயினும், பேச்சையே உயிராகக் கொண்ட ஒரு விளையாட்டு பெண்பாற் பருவமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் பேச்சு மட்டும் கழிக்கப்பட்டிருப்பது கவனத்துக்குரியது.

சிற்றில்: கட்டுபவரும் சிதைப்பவரும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவம், ஆணின் விளையாட்டைப் பாடும் பகுதி என வகைப்படுத்தப்பட்டாலும், அதில் விளையாடுவோர் சிறுமியரே. அவர்கள் மணலைக் குவித்துச் சுவர் எழுப்புகின்றனர். அடுப்பிட்டு மணற்சோறு சமைக்கின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் வந்து தன் காலால் அவ்வீட்டை அழிக்க முனைகிறான். சிறுமியர் அவனைத் தடுப்பதில்லை, திருப்பித் தாக்குவதுமில்லை. அவன் குலப்பெருமையையும் திருவடியின் அருமையையும் போற்றி, எங்கள் சிற்றிலை அழிக்கவேண்டா என்று வேண்டுகின்றனர். ஒவ்வொரு பாடலும் அவ்வேண்டுகோளிலேயே முடிகிறது.

இப்பருவத்தில் பேசுவோர் மாறியிருப்பது கருதத்தக்கது. பொதுப் பருவங்களில் தாயோ செவிலியோ குழந்தையிடம் பேசுகிறாள்; மூத்தவர் இளையவரிடம் உரிமையோடு கேட்கும் குரல் அது. சிற்றிலில் ஒத்த வயதுச் சிறுமியர் சிறுவனிடம் பேசுகின்றனர். ஒத்த வயதினராயினும் குரல் தாழ்ந்து இரக்கும் குரலாகிறது. ஒரே களத்தில் இருபாலுக்கும் பயிற்சி நிகழ்கிறது. வீடு கட்டுதல், சமைத்தல், கட்டியது அழியாமல் காக்க மன்றாடுதல் ஆகியன சிறுமியருக்குரியவை. பிறர் உழைப்பின்மீது கால் வைக்கும் உரிமையும், அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல் விடுவது பெருந்தன்மை எனக் கொள்ளப்படும் நிலையும் சிறுவனுக்குரியவை.

இதற்குச் சமய விளக்கம் உண்டு. உலகைப் படைத்து அழிப்பது இறைவனின் விளையாட்டு. சிற்றில் உலகத்தின் குறியீடு. சிறுமியர் அருளை வேண்டும் உயிர்கள். முருகனுக்கோ கண்ணனுக்கோ பாடும்போது இவ்விளக்கம் பொருந்தும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடிய சேக்கிழார் பிள்ளைத்தமிழின் தலைவர் திருத்தொண்டர் வரலாறு பாடிய புலவர், அமைச்சராக விளங்கியவர். அழித்தல் தொழிலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. எனினும் ஆண்பால் என்ற ஒரே காரணத்தால் அவருக்கும் சிற்றில் உரியதாகிறது. எனவே, இப்பருவத்தைத் தாங்கி நிற்பது இறைமைக் கருத்து மட்டுமே எனக் கொள்வதற்கில்லை. ஆண்பால் என்னும் வரையறையே அதன் அடிப்படை.

சிற்றில் சிதைத்தலின் வரலாறு பிள்ளைத்தமிழுக்கு மிக முற்பட்டது. கலித்தொகையின் ஐம்பத்தொன்றாம் பாடலில் தலைவி தன் தோழியிடம் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறாள். சிறுவயதில் தங்கள் மணல்வீட்டைக் காலால் சிதைத்து, சூடிய மாலையை அறுத்து, பந்தைப் பறித்தோடிய ஒருவன், வளர்ந்தபின் வீட்டு வாயிலில் நின்று தண்ணீர் கேட்கிறான். நீர் கொண்டுசென்ற அவள் கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடிவருகிறாள். அப்போது அவள், நீர் குடிக்கையில் அவனுக்கு விக்கல் வந்தது என்று பொய் கூறி அவனைக் காக்கிறாள். இப்பாடல் தமிழ் அகமரபின் சுவைமிக்க நாடகக் காட்சியாகப் போற்றப்படுவது. சமூகமயமாக்கல் நோக்கில் வாசித்தால், குழந்தைப் பருவத்தில் கற்ற பாடம் வளர்ந்தபின் எவ்வாறு செயல்படுகிறது என்பதை அது காட்டுகிறது. அழிவைக் குறும்பாகவும், குறும்பை அன்பின் அறிகுறியாகவும் வாசிக்க அவள் பழகியிருக்கிறாள். அலறல் அவளது முதல் எதிர்வினை, பொய் இரண்டாவது. இரண்டுக்கும் இடையிலான ஒரு கணத்தில் செயல்படுவது அப்பழக்கமே.

பெண்ணின் எழுத்தில் இதே காட்சி வேறுவிதமாகவும் ஒலித்துள்ளது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இரண்டாம் பதிகம் முழுவதும் சிற்றில் கட்டிய சிறுமியரின் கூற்றாக அமைந்தது. அதிலும் வேண்டுதல் உண்டு. கண்ணன்மீது கொண்ட காதலும் உண்டு. ஆனால் நெடுநேரம் குனிந்திருந்து மணல் வீட்டைக் கட்டியதால் உண்டான முதுகுவலி அங்கே பேசப்படுகிறது. உழைப்பின் உடல்வருத்தம் ஒரு முறையீடாகவே எழுகிறது. பிற்காலப் பிள்ளைத்தமிழ்ச் சிற்றில் பருவங்களில் சிறுவனின் அடிச்சிறப்பு விரிந்த அளவுக்கு இவ்வுழைப்பின் வருத்தம் விரியவில்லை.

ஒரே புலவரின் இரு நூல்கள்

இப்பாலினப் பிரிவைப் புலவரின் தனிப்பட்ட நோக்கு எனக் கருதலாமா என்ற ஐயம் எழலாம். அதற்கு விடைகாண வாய்ப்பான சான்று பதினேழாம் நூற்றாண்டுப் புலவரான குமரகுருபரரிடம் கிடைக்கிறது. பெண்பாலில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும், ஆண்பாலில் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழையும் அவரே பாடியுள்ளார். காலமும் சமயப்பற்றும் மொழித்திறனும் ஒன்றாக இருக்க, பாட்டுடைத் தலைமையின் பால் மட்டும் மாறுகிறது. ஏழு பருவங்கள்வரை இரு நூல்களும் இணையாகச் செல்கின்றன. எட்டாம் பருவத்தில் முருகனுக்கு அழிக்கவும் முழக்கவும் உருட்டவும் வாய்க்கிறது. மீனாட்சிக்கு ஆடல் மட்டுமே வாய்க்கிறது.

மீனாட்சியின் நிலையில் இது கூடுதல் முரணாகிறது. அவள் பாண்டிய நாட்டின் அரசி; திக்குவிசயம் செய்தவள். குமரகுருபரர் அதை அறியாதவரல்லர். அவளது அரசாட்சியும் போர்ச்செலவும் அந்நூலிலேயே இடம்பெறுகின்றன. பறைக்கும் தேருக்கும் உரியவள் அவளே. எனினும் பெண்பால் இலக்கணம் அவளுக்கு அவற்றை வழங்கவில்லை. பாடலின் உள்ளடக்கம் அவளை அரசியாக்குகிறது; பருவத்தின் அமைப்பு அவளை ஊசலில் அமர்த்துகிறது. சமூகமயமாக்கல் செயல்படும் விதத்துக்கு இது நுட்பமான எடுத்துக்காட்டு. ஒரு பெண்ணின் ஆற்றலை மறுக்காமலேயே, அவள் பயிலவேண்டிய செயல்களை வரையறுத்துவிட இயலும்.

தடாதகையின் இரு வளர்ப்புகள்

இதே குழந்தையை வேறொருவிதமாக வளர்த்துக்காட்டும் நூலும் தமிழில் உள்ளது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் மகப்பேறு வேண்டிச் செய்த வேள்வியில் மூன்று தனங்களோடு ஒரு பெண் குழந்தை தோன்றுகிறது. மகனை வேண்டிய அரசன் வருந்துகிறான். அப்போது எழும் வானொலி, தடாதகை எனப் பெயரிட்டு, ஆண்மகனுக்குரிய சடங்குகளைச் செய்து, முடிசூட்டுமாறு கூறுகிறது. கணவன் தோன்றும்போது ஒரு தனம் மறையும் என்றும் அறிவிக்கிறது. அவ்வாறே அவள் கலைகளும் படைக்கலப் பயிற்சியும் ஊர்திகளைச் செலுத்தும் பயிற்சியும் பெற்று வளர்கிறாள். தந்தைக்குப்பின் ஆட்சி செய்து, எண்திசைக் காவலரையும் வென்று கயிலைவரை படை நடத்துகிறாள்.

இக்கதை பாலினத்தைப் பற்றிக் கூறும் செய்தி வியப்புக்குரியது. ஆண்மகனுக்குரிய சடங்கும் பயிற்சியும் தரப்பட்டால் பெண் குழந்தையும் அரசனின் பாத்திரத்தை முழுமையாக ஏற்கிறது. உடல் அதற்குத் தடையாக இருக்கவில்லை. அதாவது, வளர்ப்பே பாத்திரத்தை உருவாக்குகிறது என்பதைப் புராணம் தன் போக்கில் ஏற்றுக்கொள்கிறது. அதனால் அதற்கு ஒரு சிக்கலும் நேர்கிறது. போருக்கெனப் பயிற்றப்பட்டவளை மணமகளாக்குவது எவ்வாறு? கயிலையில் சிவபெருமானைக் கண்டவுடன் மூன்றாம் தனம் மறைகிறது; நாணம் தோன்றுகிறது; தலை கவிழ்கிறது. பல்லாண்டுப் பயிற்சி ஒரு கணத்தில் நீங்குவதற்கு அற்புதம் ஒன்று தேவைப்படுகிறது.

மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அம்மண நிகழ்ச்சியைச் சுட்டினாலும், அதன் பருவ அமைப்புக்கு அவ்வற்புதம் தேவைப்படவில்லை. அங்கே எட்டாம் பருவம் முதலே அம்மானையும் நீராடலும் ஊசலும் அவளைப் பெண்மைக்குரிய அசைவுகளில் பழக்கிவிடுகின்றன. இரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது, புராணத்தில் அற்புதம் செய்யும் பணியைப் பிள்ளைத்தமிழில் விளையாட்டு செய்வது புலனாகிறது. விளையாட்டின் பணி கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே அதன் வலிமை. தனம் மறைந்ததைப் படிக்கும் வாசகர் அது எப்படி என்று வினவுவார். குழந்தை ஊசலாடியதைப் படிக்கும் வாசகர் எதையும் வினவுவதில்லை.

வாசிப்பின் எல்லைகள்

இவ்வாய்வின் முடிபுகளுக்குச் சில எல்லைகள் உள்ளன. பிள்ளைத்தமிழ் குழந்தைகளுக்காகப் பாடப்பட்டதன்று. புலவர் அவையிலும் கோயிலிலும் வளர்ந்தோர் கேட்ட இலக்கியம் அது. எனவே அது குழந்தைகளை நேரடியாகப் பயிற்றியது எனக் கூறுவது மிகையாகும். வளர்ந்தோர் மனத்தில் ஆண் குழந்தை, பெண் குழந்தை ஆகிய இரண்டின் இலட்சிய வடிவம் எது என்பதை அது காட்டுகிறது. அவ்வடிவத்தை மனத்தில் கொண்டோரே தம் வீட்டுக் குழந்தைகளையும் வளர்த்தனர் என்ற அளவிலேயே சமூகமயமாக்கலோடு அதற்குள்ள தொடர்பு நிலைபெறுகிறது.

அடுத்து, பெண்பாற் பருவங்களை முழுமையான அடைப்பாகக் கருதுவதும் பொருந்தாது. நீராடல் வீட்டைவிட்டு ஆற்றுக்குச் செல்லும் விளையாட்டு. வைகைக் கரையில் தோழியரோடு கூடியிருக்கும் பொழுது அது. ஊசலில் கிட்டும் உடல் விடுதலையும் உண்மையானதே. அம்மானைக் காய்கள் விண்ணை எட்டுவதாகப் பாடும் கற்பனைகளில் புலவர்கள் அச்சிறிய களத்தை அண்டமளவுக்கு விரித்துள்ளனர். இவை அமைப்புக்குள் நிகழும் விரிவுகள். அவை பருவத்தின் எல்லையை அழகாக்குகின்றன. அந்த எல்லையை மாற்றுவதில்லை.

முடிவுரை

பிள்ளைத்தமிழின் பருவப் பகுப்பு, பாலினம் பிறப்பிலேயே முற்றுப்பெற்றது அன்று என்பதைத் தன்னையறியாமல் பதிவுசெய்துள்ளது. பிறப்பிலேயே முற்றுப்பெற்றிருந்தால் முதல் பருவமே இரண்டாகப் பிரிந்திருக்கவேண்டும். ஏழு பருவங்கள் பொதுவாக அமைந்து, எட்டில் தொடங்கும் பிரிவு, பாலினம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் குழந்தைக்கு அளிக்கப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. அது வினைச்சொற்களாகவும் விளையாட்டுப் பொருள்களாகவும் நடமாடும் இடமாகவும் பேசும் குரலாகவும் அளிக்கப்படுகிறது. ஒரே புலவரின் இரு நூல்கள் இப்பிரிவு தனிமனித நோக்கைக் கடந்தது என்பதை உறுதிசெய்கின்றன. தடாதகையின் புராண வளர்ப்பு, இப்பிரிவு மாற்றத்தக்கது என்பதைத் தமிழ் மரபே அறிந்திருந்தது என்பதற்குச் சான்றாகிறது.

இவ்விலக்கிய வகை இன்றும் வாழ்கிறது. தலைவர்கள்மீதும் அறிஞர்கள்மீதும் புதிய பிள்ளைத்தமிழ் நூல்கள் எழுதப்பட்டு வருகின்றன. பெண் ஆளுமை ஒருவரைப் பாடும் புலவர், ஆட்சியையும் அறிவையும் பாடியபின் இறுதியில் அவரை ஊசலில் அமர்த்தவேண்டிய நிலை இன்றும் உள்ளது. சிறுபறையையும் சிறுதேரையும் பெண்பாலுக்கும், அம்மானையின் வினாவிடையை ஆண்பாலுக்கும் வழங்குவது யாப்புக்கு இழுக்காகாது. பாட்டியல் நூல்களே பருவங்களின் பெயரிலும் காலத்திலும் தம்முள் வேறுபட்டுள்ளன. கழங்கின் இடத்தில் நீராடல் வந்ததும் அவ்வகை மாற்றமே. எட்டாம் பருவத்தில் எந்த விளையாட்டைக் குழந்தையின் கையில் தருவது என்பது இலக்கணம் ஏற்கெனவே முடித்துவைத்த செய்தி அன்று. பாடுவோர் ஒவ்வொரு முறையும் எடுக்கும் முடிவு அது.